மேலாக ஒரு கரண்டி

எங்கள் சித்திக்கு இரண்டு மாடு. பன்னிரண்டு வருஷமாகக் கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் பால் ஊற்றினாள். வரிசையில் காத்துக் கிடந்தால் கேனில் கொழுப்பு மேலே ஏறிவிடும். அதனால் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் சோதனைக்கு எடுக்கணும். ஆனால் சங்கத்துப் பரிசோதகன், அந்தப் பிடுங்கி, கலக்கவே மாட்டான். ஒவ்வொருத்தர் கேனிலும் மேலாக ஒரு கரண்டி மொண்டு, "சாம்பிள்" என்று தன் வாளியில் ஊற்றிக்கொள்வான். பிறகு அடிப்பாலை எடுத்துச் சோதிப்பான். "கொழுப்பு கம்மிக்கா. மாட்டுக்கு ஒழுங்கா தீனி போடு" என்று புத்தி வேறு. கொழுப்பு குறைந்தால் விலையும் குறையும்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் புண்ணாக்கு வாங்குகிறவள் சித்தி. ஒருநாள் காலையில், "சீ, நீயும் உன் சங்கமும்!" என்று கேனோடு வெளியேறி, தெருமுனையில் தனியார் பால் வண்டிக்குக் காத்திருந்தாள்.

சங்கம் மூடிய கையோடு வண்டி வந்தது. அவளை முந்திக்கொண்டு வாளியை நீட்டினான் ஒருத்தன். அதே பரிசோதகன்.

"இவர் பால் தினமும் நெய்யா இருக்கும்மா" என்றார் வண்டிக்காரர். "எத்தனை மாடு வச்சிருக்காரோ!"

சித்தி காறித் துப்பினாள்.

"இவன் வீட்டுல மாடே கிடையாதுய்யா. தீனி மட்டும் நாங்க போடுறோம்."