வெட்டுக்கூலி

அன்னபாக்கியம் என்ற பெயரை மேலத்துறை ஊர் முதன்முதலில் கேட்டது மாதா கோயிலில்தான். சாமியார் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அது. தேவதாஸுக்குப் பெண் யாரோ என்று காது கொடுத்திருந்த பெண்கள், "யாருக்க மகளாம்?" என்று ஒருத்தி காதில் ஒருத்தி கேட்டார்கள். மீன் சுமந்து விற்கிற ரோசம்மாளின் இளையவள். ரோசம்மாள் யார் என்றால், தேவதாஸின் தகப்பனுக்குச் சின்னம்மை மகள் கட்டிப்போன வீட்டில் பிறந்தவள். சுற்றிச் சுற்றி ஒரே ரத்தம்தான். "நாந்தான் தலையில சுமடு சுமந்தேன், எனக்க பிள்ளை சுமக்காண்டாம்" என்று சொல்லித்தான் ரோசம்மாள் சவுதி மாப்பிள்ளைக்குக் கொடுத்தாள்.

தேவதாஸ் சவுதியில் தம்மாமுக்கு அந்தப் பக்கம் கஃபீலுடைய லாஞ்சில் மீன் பிடிக்கிறான். கஃபீல் என்றால் விசா கொடுத்த முதலாளி. அங்கே மாதச் சம்பளம் கிடையாது. பிடித்ததில் டீசலும் ஐசும் சாப்பாடும் கழித்து, முதலாளி பங்கும் போக மிச்சம் இருப்பதைத்தான் ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். இறால் சீசனில் பணம் வரும். இறாலுக்குத் தடை போட்டுவிட்டால் வந்தாலும் வரும், வராமலும் போகும்.

இந்த வராத மாதங்களின் கதை ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அன்னபாக்கியத்தின் பயம். சவுதிக்காரன் பெண்டாட்டி என்பதால்தான் சேதுராமன் கடையில் அரிசியும் பருப்பும் கடனுக்குக் கிடைக்கிறது. வீட்டுக்குக் கான்கிரீட் போடப் பெண்கள் குழுவில் கடன் கிடைத்ததும் அதே பெயரால்தான். திங்கட்கிழமை தோறும் காலையில் தவணை வாங்கக் கடன் கம்பெனிக்காரர் வந்து உட்காருவார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அதுவரை யாரும் எழுந்து போக முடியாது. கழுத்தில் கிடப்பது கவரிங் சங்கிலி. நிஜச் சங்கிலி பாங்கில் அடகில் இருக்கிறது. அது பத்தாவது படிக்கிற மகள் ஜிஷாவுக்குக்கூடத் தெரியாது.

இந்த வருஷம் மாசி பிறந்த பிறகு பணம் வரவில்லை. போனும் வரவில்லை. கடலில் எல்லை தாண்டிப் போனவர்களைப் படகோடு பிடித்துவைத்த கதையெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போதும் கண் போன்மேலேயே இருக்கும்.

தேவதாஸின் அக்கா மரியபுஷ்பம் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்: "ஏட்டி, குழுவுல இன்னொரு லோனு தாராவளாம். ஒரு மாடு வாங்கிக் கெட்டேன். பால் சொசைட்டியில ஊத்துனா வாரம் தவறாம பைசா."

"மைனி, இந்த மணல்ல மாடு எதைத் திங்கும்? சிப்பியையா?"

"அப்போ தையல் மெஷினு வாங்கு."

"நம்ம தெருவுல மெஷின் இருக்க வீட்டை எண்ணிப் பாருங்க. தைக்கத்தான் துணி இல்ல."

சிரித்துச் சமாளித்தாள். ஒரு கடனுக்கே வழியில்லை, இன்னொன்று எடுத்தால் திங்கட்கிழமை இன்னும் பெரிதாகும். மீன் வாங்கி விற்கலாம் என்றால் ஏலத்துக்கு முதல் வேண்டும், மீன் நாறிப்போனால் முதலே போய்விடும். கையில் இருந்தது தாய் சொல்லித்தந்த மீன் வெட்டு ஒன்றுதான்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு சந்தை. அங்கே மீன் வெட்டிக் கொடுக்கிற சந்திரகலாவை ரோசம்மாளின் காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். சந்திரகலாவோடு உட்கார்ந்து வெட்டியவள் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டதால் பக்கத்து இடம் காலி.

"மீனு வராதோன்னு பயப்படாத பிள்ளே," என்றாள் சந்திரகலா. "நம்ம கடல்ல போட்டுக்குத் தடை போட்டா, ரெண்டு வாரத்துல கிழக்கே தடை தீந்து தூத்துக்குடி மீனு ஐஸுல வரும். எங்க மீனுன்னாலும் வெட்டத்தானே செய்யணும்? வேலைக்குப் போறவளுக்கு செதிலு உரிக்க நேரமில்ல. விக்கிறவளுக்குத்தான் நட்டம், நமக்குக் கூலி."

மேலத்துறைப் பெண்கள் மீன் கொண்டுபோவது வேறு சந்தைக்கு. அதை விசாரித்துக்கொண்டுதான் அன்னபாக்கியம் இங்கே வந்தாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, அரிவாள்மணையைக் காலால் மிதித்து உட்கார்ந்தாள். வழுக்கும் மீனுக்கு விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டாள். கெளுத்தியின் முள்ளை முதலில் தட்டினாள், கணவாயின் மைப்பையைக் கிழியாமல் இழுத்தாள். கை எதையும் மறக்கவில்லை. ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் இறங்குகிற முகங்களைப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்தவளைப்போல ஊருக்குள் நுழைவாள்.

இரண்டு வாரம் ஓடியது. அதன்பிறகு ஒரு புதன்கிழமை, ஒரு சாவுக்காக மற்ற சந்தையை அடைத்துவிட்டார்கள். மேலத்துறைக் கூடைகள் மொத்தமும் இங்கே வந்து இறங்கின.

"இது நம்ம தேவதாஸுக்க பெண்டாட்டியில்லா?" என்றாள் ஒரு கூடைக்காரி.

அவள் முக்காட்டை இழுப்பதற்குள் இன்னொருத்தி போனில் படம் எடுத்துவிட்டாள். வெட்டிக்கொண்டிருந்த பாறை மீனின் வால் கையிலேயே நின்றது.

அவள் பஸ் ஏறுவதற்கு முன்பே செய்தி ஊர் சேர்ந்துவிட்டது. கடையில் சேதுராமன் தராசிலிருந்து தலை தூக்கவில்லை. "தப்பா எடுக்காதீங்கம்மா, இனி ரொக்கம்தான். பழசையும் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துருங்க." அவள் எத்தனையோ நாளாகப் பயந்த வார்த்தை அதுதான். கைப்பையில் இருந்த அன்றைய கூலிக்கு அரிசி மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தாள். முதுகில் தெருவின் கண்களெல்லாம் ஊர்வது போலிருந்தது.

திங்கட்கிழமை மரியபுஷ்பத்தின் முற்றத்தில் குழுப் பெண்கள் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"சவுதிப் பைசா வராதுன்னா முன்னாலயே சொல்லியிருக்கணும். உனக்குச் சேத்து நாங்க கெட்டவா?" என்றாள் அவர்களில் ஒருத்தி, ஜினி.

"என்னயும் ஏமாத்திட்டியே ஏட்டி," என்று மரியபுஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்னபாக்கியம் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தவணையைக் கம்பெனிக்காரர் முன்னால் வைத்தாள். மீன் வாடை வந்தது. அவர் மூக்கைச் சுளித்தாலும் எண்ணி எடுத்து, கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் தேவதாஸின் போன் வந்தது. அக்காக்காரி சொல்லியிருப்பாள்.

"எனக்க மானத்தை வாங்கிட்டியே!" தேவதாஸ் கத்தினான். "ரூமுல பத்துபேரு இருக்கானுவ. எல்லாவனுக்க போனுலயும் நீ மீனு வெட்டுத போட்டோ!"

"உயிரோட இருக்கீங்களா?" என்றுதான் அவள் கேட்டாள். அழுகை வந்துவிட்டது.

அவன் சத்தம் தாழ்ந்தது. "லாஞ்சைக் கெட்டிப் போட்டிருக்கு. எஞ்சின் ரிப்பேரு. சாப்பாடே கடன்ல ஓடுது. எந்த முகத்தோட கூப்பிட?" பிறகு மறுபடியும் வீறாப்பு: "நீதான் சம்பாதிக்கியே. இனி நான் அனுப்பாண்டாம், இல்லியா?"

அவள் இத்தனை நாளும் ஒளித்து வைத்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கேள்விதான். 'இல்லை, நான் நிறுத்திவிடுகிறேன்' என்று வாய்வரை வந்தது. சேதுராமனின் தராசு கண்முன் நின்றது.

"அரிசியும் குழுத் தவணையும் நான் பாத்துக்கிடுவேன். பாங்குல கெடக்க சங்கிலியும் பிள்ளைக்க படிப்பும் உங்க பொறுப்பு. சீசனுக்கு வாரத அனுப்புங்க, வராத மாசம் வரலன்னு சொல்லுங்க. போன மட்டும் நிறுத்தாதீங்க. எனக்குப் பயமாருக்கு."

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் பேசிக்கொண்டு போனார்கள்.

"கெளுத்தி வெட்டும்போது கையப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு வைத்தான்.

மறுநாள் முக்காடு இல்லாமல் பஸ் ஏறினாள். பயம் குறையவில்லை. கூடைக்காரிகள் ஏதாவது சொல்வார்களோ என்று ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள். அவர்களில் ஒருத்தி அன்றும் இந்தச் சந்தைக்கே வந்து, "வெட்டுக்கு நல்ல ஆளு இருக்குன்னா இங்கயே விக்கலாம்" என்று பக்கத்தில் கூடையை இறக்கினாள்.

அன்னபாக்கியம் இப்போது அந்தச் சந்தையின் மீன் வரிசைக் கடைசியில், சந்திரகலாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.