உள்ளே யார், வெளியே யார்

ஏற்காடு டவுனில், பஸ் நிற்கிற இடத்துக்கு மேலே, மருந்துக்கடை மாடியில் ஒரு டுடோரியல் இருந்தது. பி.யூ.சி. தவறிய பிள்ளைகள் மறுபடி எழுதுவதற்காக அங்கே வருவார்கள். தர்க்கம் எடுத்தால் பாஸ் ஆகிவிடலாம் என்று யாரோ கிளப்பிவிட்ட நம்பிக்கையில் பாதிப்பேர் தர்க்கம் எடுத்திருந்தோம். அதைச் சொல்லிக்கொடுத்தவர் கலாவதி டீச்சர்.

நாகலூரில், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைனில் பிறந்தவர். அப்பா காப்பித் தோட்டத்தில் செடிகளின் கிளை கழிக்கும் கவாத்து வேலை பார்த்தார். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. முடித்தார். செல்லப்பன் என்ற எஸ்டேட் ரைட்டருக்கு, அதாவது ஆள் வருகைக் கணக்கு எழுதுகிறவருக்கு, வாழ்க்கைப்பட்டார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் செல்லப்பன் காப்பி மூட்டை ஏற்றிய லாரியோடு சேலத்துக்குப் போனார். மூட்டைகள் இறங்கின. லாரி திரும்பி வந்தது. அவர் வரவில்லை. சண்டை இல்லை, கடன் இல்லை, வேறொரு பெண் இருந்ததாகவும் யாரும் சொல்லவில்லை. போலீஸ் தேடியது. பிறகு தேடவில்லை.

நாங்கள் அவரிடம் படித்தபோது இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. தாலி கழுத்தில் இருந்தது, பொட்டு நெற்றியில் இருந்தது. குரல் மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில் இருக்கும். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை என்று சொல்ல வந்தேன். அது சரியில்லை. ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

வரையறைப் பாடம் நடந்த நாள் அது.

"பஸ்ஸுன்னா என்ன, சின்னத்தம்பி, சொல்லு கண்ணு" என்றார்.

மஞ்சக்குட்டையிலிருந்து வருகிற சின்னத்தம்பி எழுந்தான். "ஆளை ஏத்திட்டுப் போற வண்டிங்க."

"நல்லது. வண்டிங்கறது இனம். பஸ்ஸு, லாரி, ஜீப்பு எல்லாம் அதுக்குள்ள அடக்கம். ஆளை ஏத்திட்டுப் போறதுங்கறது மத்த வண்டியிலிருந்து பஸ்ஸைப் பிரிச்சுக் காட்டற பண்பு. பிரிச்சுக் காட்டுதா? உங்கூரு ஜீப்பும் ஆளை ஏத்திட்டுத்தான போகுது?"

"எங்கூரு ஜீப்புல பாதிப்பேரு ஏறறதில்லீங்க டீச்சர். தொங்கறாங்க."

வகுப்பு சிரித்தது. அப்போதுதான் அவரும் சிரித்தார். சட்டென்று வந்து சட்டென்று போன சிரிப்பு.

"தொங்கறவனையும் கூட்டிட்டுத்தான் போகுது. அப்ப உன் வரையறைக்குள்ள ஜீப்பு வந்து உக்காந்துருச்சு. இது அகலம். குறைச்சுச் சொல்லு."

"நாகலூருக்கு ஆளை ஏத்திட்டுப் போற வண்டிங்க."

"சேலம் பஸ்ஸு வெளிய நின்னுருச்சு. குறுகல். நாகலூரு போற ஜீப்பு இன்னும் உள்ளதான் இருக்குது, அது அகலம். ஒரே வரியில ரெண்டு குத்தம் பண்ணிட்ட, சாமி. உக்காரு."

பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். "எதை எழுதினாலும் ரெண்டு தடவை பாருங்க. வரக்கூடாதது உள்ள வந்திருக்குதான்னு ஒரு தடவை. வரவேண்டியது வெளிய நிக்குதான்னு ஒரு தடவை. இதுக்கு மேல அதுல ஒண்ணுமில்லை."

பி.யூ.சி. போய்ப் பிளஸ் டூ வந்தபோது டுடோரியலுக்குப் பிள்ளைகள் குறைந்தார்கள். அதை நடத்திய ஞானசுந்தரம் சார், வருஷ முடிவோடு மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். எஸ்டேட்டும் புது ஆளிடம் கைமாறியிருந்தது. லைன் வீட்டை ரைட்டர் பெயரில் கொடுத்தோம், ரைட்டர் எங்கே என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். வீட்டில் டீச்சரும் மாமியார் பாப்பாத்தியும் மட்டும். வேலையும் வீடும் ஒன்றாகப் போகிற நிலை.

அந்தச் சமயத்தில்தான் கொட்டச்சேடு போகிற வழியிலுள்ள மாணவியர் விடுதிக்கு வார்டன் தேவைப்பட்டார். காலமான எஸ்டேட்காரம்மா ஒருவரின் உயிலால் நடந்த விடுதி அது. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். வார்டனுக்குச் சம்பளத்தோடு இரண்டு அறை வீடும் உண்டு. வார்டன் விதவையாக இருக்க வேண்டும் என்பது உயிலில் இருந்த நிபந்தனை. அந்த அம்மாவும் விதவை.

விடுதிக் கமிட்டிச் செயலாளர் தேவசிகாமணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனுஷர். பலகையில் அவர் எழுதிப்போட்ட அறிவிப்பில் 'கணவன் இல்லாத பெண்கள்' என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கல்யாணமே ஆகாதவர்கள் வந்தார்கள். விவாகரத்தானவர் ஒருவர் வந்தார். புருஷன் பட்டாளத்தில் இருக்கும் பெண்மணி ஒருவர், "இப்ப ஊட்டுல இல்லீங்களே" என்று வந்து நின்றார். கமிட்டியில் சத்தம். கடைசியில், டவுனில் தர்க்கம் படித்தவர் ஒருவர்தானே இருக்கிறார், அவரிடமே விதியை எழுதி வாங்கலாம் என்று முடிவாயிற்று.

கலாவதி டீச்சரும் அந்த வேலைக்கு மனுப் போட்டிருந்தார். அது தேவசிகாமணிக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

வகுப்பு முடிந்த நேரம். ஞானசுந்தரம் சார் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் சின்னத்தம்பியும் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"ஏனுங்க டீச்சர், ஒரு வரி போதும்ங்க. விதவைன்னா யாரு? சண்டை வராத மாதிரி."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் போகவில்லை. உட்கார்ந்தபடியே பேசினார்.

"நீங்க எழுதுனதுல இனம் சரிதாங்க. பெண். கணவன் இல்லைங்கற பண்புதான் பத்தல. கல்யாணம் ஆகாதவளுக்கும் கணவன் இல்லை. கோர்ட்டுல தீத்துட்டவளுக்கும் இல்லை. எல்லாரும் உள்ள வந்துட்டாங்க."

"ஆமாங்க. பட்டாளத்துக்காரன் சம்சாரம் வரைக்கும் வந்துருச்சு."

"கணவனைப் பறிகொடுத்து நிராதரவா நிக்கறவள்னு எழுதினா அது குறுகலுங்க. விதவை எல்லாருமே நிராதரவா நிக்கறாங்களா? உங்க எஸ்டேட்காரம்மாவே வெளிய போயிருவாங்க."

ஞானசுந்தரம் சார் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "உயில் எழுதுனவங்களையே வெளிய தள்ளிட்டீங்களே டீச்சர்."

டீச்சர் ஒரு தாளை எடுத்து எழுதி நீட்டினார். தேவசிகாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டு வாசித்தார்.

"மணந்த கணவன் இறந்து, மறுமணம் செய்துகொள்ளாத பெண்."

வாசித்தவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுபடியும் மனதுக்குள் வாசிப்பது போலிருந்தது.

"டீச்சர், நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக்கூடாது."

"சொல்லுங்க."

"இறந்துங்கற எடத்துல, இறந்தோ அல்லது காணாமற்போயோன்னு ரெண்டு வார்த்தை சேத்துக்கலாமுங்க. கமிட்டியில நான் பேசிக்கறேன். ஒருத்தரும் எதிர்த்துச் சொல்லமாட்டாங்க."

சின்னத்தம்பி ஒரு பெஞ்சைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

"சேத்தா அது விதவைக்கு வரையறை இல்லீங்க" என்றார் டீச்சர். "எனக்கு வரையறை."

"அதனால என்னங்க?"

"காணாமப் போனவன் நாளைக்கு வந்து வாசல்ல நிப்பான். அவன் பொண்டாட்டி விதவையா? வரக்கூடாதது உள்ள வந்துருதுங்க. உயில்ல விதவைன்னுதான போட்டிருக்குது?"

"உயிலை நாம மாத்த முடியாதுங்க."

"அப்ப அந்த வார்த்தைக்கு என்ன பொருளோ அதைத்தான எழுதோணும்?"

தேவசிகாமணி விடவில்லை. "ஏழு வருஷமா ஒரு தகவலும் இல்லைன்னா கோர்ட்டுல இறந்ததாவே எடுத்துக்குவாங்கங்க. அந்தத் தீர்ப்பை வாங்கிட்டா இந்த வரிக்குள்ளயே நீங்க வந்துருவீங்க. வக்கீல் நான் பாத்துத் தர்றேன்."

"அதுக்கு நான்தான போயி அவரு செத்துட்டாருன்னு எடுத்துக்குங்கன்னு கேக்கோணும்" என்றார். "ஊட்டுல அத்தை இருக்காங்க. சாயங்கால பஸ் சத்தம் கேட்டா இன்னும் எந்திரிச்சு வெளிய வர்றாங்க."

தேவசிகாமணி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

அன்றைக்கு நாகலூர் பஸ்ஸில் நானும் ஏறியிருந்தேன். நாகலூரில் இருந்த எங்கள் கடைக்குச் சாமான் கொண்டுபோக வேண்டியிருந்தது. லைன் வீட்டு வாசலில் பாப்பாத்தி நின்றிருந்தார். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கடைசியாக மருமகளைப் பார்த்தார்.

"வார்டன் வேலை என்னாச்சு, அம்மிணி?"

"எனக்கு வராதுங்க அத்தை. விதவைக்குத்தான்னு எழுதிக் குடுத்துட்டேன். புருஷன் செத்திருக்கோணும்."

பாப்பாத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அப்ப அவன் உசுரோட இருக்கான்னு எழுதிட்டு வந்திருக்கற."

"அப்படி எழுதலீங்க. அவரைப் பத்தி ஒண்ணுமே எழுதலை. எழுதுனதுல குத்தமில்லை. ஆளைத்தான் காணோம்."

இருவரும் உள்ளே போனார்கள். கிழவி அழுவார் என்று எதிர்பார்த்து நான் சாமான் மூட்டையோடு அங்கேயே நின்றேன். அடுப்பில் பாத்திரம் வைக்கிற சத்தம்தான் கேட்டது.

அந்த வரியைக் கமிட்டி அப்படியே ஏற்றுக்கொண்டது. வேலை மரியசெல்விக்குக் கிடைத்தது. மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்திலிருந்து கிளை முறிந்து விழுந்து புருஷன் இறந்த பெண். எட்டாவது வரை படித்தவள், இரண்டு பிள்ளைகள். அவளுக்கு ஆங்கிலத்தில் வந்த உத்தரவை வாசித்து அர்த்தம் சொன்னதும் கலாவதி டீச்சர்தான்.

"உங்களுக்கு வந்திருக்கோணும்ங்க டீச்சர்" என்றாளாம் மரியசெல்வி.

"உனக்குத்தான் வந்திருக்கோணும். வந்திருக்குது. சாவியை வாங்கிக்கோ."

டுடோரியல் மூடியது. டீச்சர் ஏரிக்கரை லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் உட்கார்ந்தார். சீசனில் வருகிறவர்களுக்கு அறைச் சாவி கொடுப்பதும் வாங்குவதும் வேலை. லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு டவுனில் ஓர் அறை எடுத்து, மாமியாரைக் கூட்டிவந்தார். அந்த அறையிலிருந்து பஸ் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். பாப்பாத்தி எந்தச் சத்தத்துக்கு எழுவது என்று தெரியாமல், கொஞ்ச நாளில் எழுவதையே விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பாப்பாத்தி இறந்த பிறகு, இனி கோர்ட்டுக்குப் போகலாமே என்று தேவசிகாமணி ஒருமுறை கேட்டாராம். "இப்ப எதுக்குங்க" என்று மட்டும் பதில் வந்ததாம். வார்டன் வேலையில் மரியசெல்வி நன்றாக ஊன்றிவிட்டிருந்தாள். டீச்சரின் தாலி கழுத்திலேயே இருந்தது. மறந்துபோய்க் கழற்றாமல் விட்ட பொருள் மாதிரிதான் அது இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் அதற்குள் நாட்டை விட்டுப் போய்விட்டிருந்தேன். டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி ஊரிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் போனில் வந்தது. சொன்னது சின்னத்தம்பி. இப்போது அவனுக்குச் சொந்தமாக இரண்டு ஜீப் ஓடுகிறது.

அஞ்சலிப் போஸ்டர் அடிக்க மரியசெல்வியோடு அவன்தான் அச்சகத்துக்குப் போயிருக்கிறான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் பெயரை அடித்துவிட்டு, கீழே கணவர் பெயர் கேட்டிருக்கிறார்.

"செல்லப்பன்" என்றாள் மரியசெல்வி.

"லேட் போட்டுரலாமுங்களா?"

"போடாதீங்க."

"அப்ப இருக்காருங்களா? இருந்தா, இப்படிக்குன்னு கீழ அவரு பேரைப் போடோணும்ங்களே."

"அதையும் போடாதீங்க."

"ரெண்டுல ஒண்ணு போட்டுத்தானுங்க ஆகோணும். வந்து பாக்கறவங்க கேப்பாங்க."

"தெரியாததை எப்படிங்க போடறது? டீச்சருன்னு போடுங்க. தர்க்கம்னு போடுங்க. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்" என்றாளாம்.

சின்னத்தம்பி போஸ்டரைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பெயருக்குக் கீழே தர்க்க ஆசிரியை என்று இருக்கிறது. அதற்கும் கீழே ஒரு வரிக்கான இடத்தை அச்சகக்காரர் அப்படியே வெறுமையாக விட்டிருக்கிறார்.