அடுப்புக்கு என் விரல் ஆகாது

இண்டக்‌ஷன் அடுப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் நெமிலிச்சேரியிலிருந்து ஆவடிவரை போய், "இதில் என் கைரேகையைப் பதிவு செய்து தர முடியுமா?" என்று பழுது பார்க்கும் கடையில் கேட்டவன் நான். வயது ஐம்பத்து மூன்று. வீட்டில் நான்கு அலமாரி நிறையப் புத்தகம்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடை இயந்திரம் என் கட்டைவிரலை ஏற்பதில்லை. மனைவி வைத்தால் உடனே ஏற்கும். அடுப்பிலும் அதே கதை. காலையில் தோசை சுட்டுவைத்துவிட்டு அவள் அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள். விருப்ப ஓய்வு வாங்கிய நான், மூன்று மணிக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு காபி குடிக்கும் ஆசையில், அடுப்பின் எண்ணெய்ப் பிசுக்கைச் சொட்டச் சொட்ட ஈரத்துணியால் துடைத்துவிட்டு விரலை வைப்பேன். தட்டுவேன், கெஞ்சுவேன். ஒன்றும் நடக்காது. கேஸ் இணைப்பையும் விட்டாயிற்று. ஆறு மணிக்கு அவள் வந்து லேசாகத் தொட்டால் 'டிங்' என்று உயிர் வரும்.

"உங்க வெரலுக்கு அது ஆகாதுங்க" என்பாள், அத்தனை பரிவோடு. இப்படியே நான்கு மாதம் அந்தக் காபி இல்லாமல் போயிற்று.

"இன்னா சார், இது இன்னா ரேஷன் கடையா?" என்றார் மெக்கானிக். அடுப்பின் மேல் கண்ணாடியைக் கழற்றினார். அடியில் முத்து முத்தாக நீர்.

"பாரு சார், ஓரத்துல பசை உட்டுப்போய்க் கீது. நீ ஈரத்துணில தொடைக்கச்சொல்ல தண்ணி உள்ள எறங்குது. இந்த ஸ்பிரிங்குதான் கண்ணாடி வழியா வெரல கண்டுபுடிக்கும். மேல பிசுக்கு, கீழ தண்ணின்னு பரவிக்கினா, எந்தப் பட்டன்ல கைவெச்சேன்னு அதுக்குப் புரியாது. காஞ்சா தானா வேல செய்யும்."

ஆறு மணிக்குள் காய்ந்திருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

அவர் அடுப்பைத் திருப்பி, உடைந்த மூலையைத் தடவினார். "இத எனக்குத் தெரியுமே! பொங்கலுக்கு முன்னாடி உங்க ஊட்டம்மா தூக்கினு வந்தாங்கோ. இதெல்லாம் சொன்னேன். பசை போடட்டான்னு கேட்டேன். 'வாணாம், இப்டியே இருக்கட்டும், அவருக்குச் சுகர் ஏறிப்போச்சு'ன்னுட்டாங்கோ."

இருபத்தேழு வருடம் ஒரே தட்டில் வடை பிய்த்தவள். நான் அடுப்பின் முன் கெஞ்சியதை அன்றாடம் அவளிடம்தான் சொல்லி அழுதேன். அத்தனையும் கேட்டு 'உச்' கொட்டியவள்.

பசை காய ஒரு நாளாகும் என்றார். வெறும் பையோடு திரும்பி, அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன்: "நாலு மாசமா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கே, இல்ல?"

"நான் எங்கங்க பொய் சொன்னேன்? ஆகாதுன்னு மட்டும்தான் சொன்னேன். கைரேகைன்னு கண்டுபுடிச்சது நீங்க. அவ்ளோ படிச்சவரு சொல்றாரேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."