மாடியக்கா சொன்ன சாட்சியம்

வீட்டுக் கேஸ் நடத்துகிற வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தால் ஒரு விஷயம் சீக்கிரம் புரிந்துவிடும். உள்ளே வருகிற ஒவ்வொரு வீட்டுக்காரரும், "என் வீடு, எனக்கு வேணும், அவன் காலி பண்ணணும், இதுக்கு எதுக்குக் கோர்ட்டு?" என்றுதான் ஆரம்பிப்பார். நானும் டைப் அடிப்பதை நிறுத்தாமலே, "வேணும்னா போதாது சார், தேவைன்னு நிரூபிக்கணும்" என்பேன். என்னை முறைப்பார்கள். முறைக்கட்டும். எத்தனை பேரைப் பார்த்தாயிற்று.

கண்டக்டர் அப்படி வரவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செருப்பை வாசலில் ஜோடி சேர்த்து விட்டுவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. குடியிருப்பது மாடியில். கீழ்வீட்டில் டியூஷன் எடுக்கும் ஒரு சார் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி மேலே ஏற்றியதுதான். அதற்கப்புறம் அந்த அம்மா தரையைத் தொடவில்லை. ஜன்னலில் தெரியும் முகத்தை வைத்துத் தெருவே அவருக்கு மாடியக்கா என்று பெயர் வைத்துவிட்டது.

"கீழ வந்துட்டா அவ கம்பியைப் பிடிச்சு நாலடி நடப்பா தங்கச்சி. வெளிக்காத்து படும். அவ்வளவுதான் வேணும்" என்றார்.

எங்கள் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வி கேட்கப்போகிறார் என்று அர்த்தம். "வீடு உங்க பேர்லதானே? இதே ஊர்ல உங்களுக்கு வேற வீடு, காலி இடம் ஏதாவது இருக்கா? எதையும் மறைக்காதீங்க. நாம சொன்னா அது விவரம். அவங்க கண்டுபிடிச்சா அது பொய்."

கண்டக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பக்கவாட்டில் ஓர் ஒற்றை அறை இருக்கிறது. அதை சைக்கிள் ரிப்பேர் கடைக்கு விட்டிருக்கிறார். அதில் குளியலறை கிடையாது, கட்டில் போட்டால் கதவு திறக்காது. வக்கீல் அதையும் மனுவில் எழுதச் சொன்னார், ஏன் அது உதவாது என்ற காரணத்தோடு.

"வாடகை கூட்டிக் கேட்டீங்களா?"

"போன வருஷம் கேட்டேன். எல்லாரும் கேக்குறதுதானே. அவரு முடியாதுன்னாரு, விட்டுட்டேன்."

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கேட்ட வாடகை கிடைக்கவில்லை, அதனால் தேவை என்று ஒரு கதை கட்டினான் என்பார்கள் எதிர்த்தரப்பில். தெரிந்த பாட்டுத்தான்.

"டாக்டர் சர்டிபிகேட் மட்டும் போதாது, டாக்டரே வந்து சொல்லணும். தேவை கேஸ் போடுறப்ப இருந்தா மட்டும் போதாது, முடியுற வரைக்கும் இருக்கணும். ஜெயிச்சா நீங்களே குடிவரணும், வேற ஆளுக்கு விட்டா டியூஷன் சார் திரும்ப வந்து கேக்கலாம். எல்லாத்துக்கும் மேல, யாருக்குத் தேவையோ அவங்க வாயால சொல்லணும். உங்க வீட்டம்மா சொல்லுவாங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

"ஏன் சொல்ல மாட்டா?" என்றார் கண்டக்டர். கட்டிக்கொண்டவருக்கே தெரியவில்லை, பாருங்கள்.

மனுவில் கையெழுத்து வாங்கவும் காகிதங்கள் பார்க்கவும் பலமுறை அந்த மாடிக்குப் போனேன். படி குறுகல். நடுவில் ஒரு திருப்பம். மாடியக்கா என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். ஆயத்த ஆடைக் கம்பெனியில் பொத்தான் தைத்தே பாதி வயசைக் கழித்தவர். அந்தப் பொத்தான் கூலியும் கண்டக்டர் சம்பளமும் சேர்ந்துதான் கீழ்வீடு எழும்பியது. அங்கே பின்பக்கக் குழாயடியில் ஓர் எலுமிச்சைக் கன்று வைத்தார். மகள் கல்யாணக் கடனுக்காகக் கீழ்வீட்டை வாடகைக்கு விட்டு மாடி ஏறினார்கள். எலுமிச்சை கீழேயே நின்றுவிட்டது. காய் பறிக்கிற சாக்கில் தினமும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம், இழுத்துக்கொள்கிற வரைக்கும்.

தனக்கு என்று வாய் திறந்து ஒன்று கேட்ட மனுஷி இல்லை. மூக்குக்கண்ணாடிக் கால் உடைந்து நூல் சுற்றிப் போட்டிருந்தார். "புதுசு வாங்கக் கூடாதாக்கா?" என்றேன். "இதுலயே தெரியுதே கண்ணு" என்றார். பக்கவாதம் வந்த அன்றைக்கு மத்தியானமே கை மரத்துவிட்டதாம். கண்டக்டர் அப்போதுதான் தட்டில் கை வைத்திருந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அக்கா சும்மா இருந்திருக்கிறார். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

இன்னொரு சிக்கல் கீழ்வீட்டம்மா, அதாவது டியூஷன் சாரின் மனைவி. கெட்டவளாக இருந்திருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவளோ தினமும் காலையில் மேலே வந்து மாடியக்காவுக்குத் தலை வாரிவிடுவாள். கேஸ் போட்ட பிறகும் வந்தாள். கணவன்மார் இரண்டு பேரும் படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், மேலே இவள் சிக்கெடுத்துக்கொண்டிருப்பாள்.

மாடியக்காவால் கோர்ட்டுக்கு வர முடியாது என்பதால், வீட்டுக்கே வந்து சாட்சியம் பதிவு செய்ய ஓர் இளம் வக்கீலம்மாவைக் கமிஷனராகக் கோர்ட் நியமித்தது. எங்கள் வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், கண்டக்டர், டியூஷன் சார், நான், எல்லோரும் அந்தச் சின்ன அறையில் முட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். கீழ்வீட்டம்மா கதவோரமாக நின்றாள். அன்றைக்கும் அவள்தான் தலை வாரிவிட்டிருந்தாள். மாடியக்காவுக்கு எங்கள் எல்லோருக்கும் டீ கிடைத்ததா என்பதுதான் கவலை. எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

நம் சாட்சியை நாமே விசாரிக்கும்போது பதிலை ஊட்டிவிடக் கூடாது, பொதுவாகத்தான் கேட்க வேண்டும். எங்கள் வக்கீல் கேட்டார்: "எதுக்காகம்மா இந்தக் கேஸ்?"

"அவருதான் சொல்லிக்கிட்டிருக்காரு, கீழ போவலாம்னு."

வக்கீல் விடவில்லை. "உங்களுக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். இந்தக் கை மட்டும் கொஞ்சம் சொன்ன பேச்சுக் கேக்காது."

எதிர்த்தரப்பு வக்கீல் சத்தமே போடவில்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, சொந்தத் தம்பி மாதிரி விசாரித்தார். "மாடியில இருக்குறதுல உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?"

மாடியக்கா கதவோரம் பார்த்தார். "கஷ்டம் என்ன கஷ்டம். எல்லாம் கைக்கே வந்துடுது."

"கேஸ் போடச் சொல்லி நீங்க கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கப்போறேன் தம்பி? நான் எதையும் கேட்டதில்ல."

கமிஷனரம்மா அதை அப்படியே எழுதினார். எழுதத்தானே வந்திருக்கிறார். விளக்கம் வாங்க எங்கள் வக்கீல் மறுபடி ஒரு கேள்வி போட்டார். "கீழ்வீட்டுக்குப் போனா உங்களுக்கு என்னம்மா ஆகும்?" மாடியக்கா, "எனக்கு என்ன ஆகும்? இவங்கதான் ரெண்டு பொம்பளப் புள்ளைங்களோட எங்க போவாங்க?" என்றார். கீழ்வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

கண்டக்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார்.

டாக்டர் வந்து நல்லபடியாகத்தான் சொன்னார். ஒற்றை அறை விவகாரம் எடுபடவில்லை, நாங்களே சொல்லிவிட்டதால். ஆனாலும் தீர்ப்பு எங்களுக்கு எதிராகப் போயிற்று. நோய் நிரூபணமாயிருக்கிறது, தேவை நிரூபணமாகவில்லை. யாருக்காக வீடு கேட்கப்படுகிறதோ அவரே கேட்கவில்லை என்கிறார். முந்தைய வருஷம் வாடகை கூட்டிக் கேட்டதையும் சேர்த்துப் பார்த்தால் இது மனுதாரரின் விருப்பம் மட்டுமே. இப்படி எழுதியிருந்தார் நீதிபதி. படித்தபோது அவரைத் திட்டத்தான் வாய் வந்தது. திட்டுவதற்கு அதில் தப்பாக ஒரு வரியும் இல்லை.

அப்பீல் வக்காலத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது கண்டக்டர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். மாடியக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என் வாய் சும்மா இருக்குமா.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. நாங்க எல்லாரும் அதுக்குத்தானே வந்து உக்காந்திருந்தோம்."

"அந்தப் பொண்ணு என் தலையைத் தொடுறவ கண்ணு. அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்பிடிச் சொல்லுவேன்?" என்றார்.

"இப்ப அவங்க இல்ல. இப்பச் சொல்லுங்க. வேணுமா, வேண்டாமா?"

அவருடைய நல்ல கை சேலை மடிப்பைத் திருகிக்கொண்டே இருந்தது. "அந்த எலுமிச்சையை ஒருதரம் தொட்டுப் பாக்கணும். மண்ணுல கால வெக்கணும். ராத்திரியெல்லாம் அதே நெனப்பு." அழுதார். "எனக்கு வேணும் கண்ணு. கீழ போவணும். எனக்கு வேணும்."

நானும் அழுதேன். சொல்ல என்ன வெட்கம். மறுநாளே பிரமாணப் பத்திரம் அடித்து, நோட்டரியை மேலே கூட்டிப்போய், வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினோம். கூடுதல் சாட்சியமாக அதை ஏற்க வேண்டும் என்று அப்பீலோடு மனுவும் போட்டோம். நம்பிக்கை இருக்கிறது என்று வக்கீலே சொன்னார், லேசில் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் மாடியக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். படித் திருப்பத்தில் பாடை திரும்பாது என்பதால் போர்வையில் வைத்து இறக்கினார்கள். தலைப்பக்கம் டியூஷன் சார் பிடித்தார். குழாயடியில், எலுமிச்சைக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள், குளிப்பாட்டுவதற்கு.

யாருக்குத் தேவையோ அவர் இறந்துவிட்டார், தேவையும் முடிந்தது என்று எதிர்த்தரப்பு ஒரு மெமோ போட்டது. சட்டப்படி சரிதான். ஒரே ஒரு வழி இருந்தது. கண்டக்டருக்கும் முட்டி வலி உண்டு. கோர்ட் படியை அவர் கைப்பிடி பிடித்து ஒவ்வொன்றாக ஏறியதை நானே பார்த்தேன். உங்களுக்கே கீழ்வீடு தேவை என்று மனுவைத் திருத்தக் கேட்கலாம், பொய்யும் இல்லை, நீங்கள் சரி என்றால் போதும் என்று வக்கீல் வராந்தாவில் சொல்லியிருந்தார். கண்டக்டர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அப்பீல் கேட்ட நீதிபதி நல்ல மனுஷர். கேஸ் கட்டைப் புரட்டிவிட்டு நேரே அவரிடமே கேட்டார். "உங்க மனைவி போயிட்டாங்க, கேள்விப்பட்டேன். இப்ப உங்களுக்கு அந்த வீடு தேவைப்படுதா?"

எங்கள் வக்கீல் திரும்பிப் பார்த்தார். நான் பின்னாலிருந்து, சொல்லுங்கண்ணே, சொல்லுங்கண்ணே என்று மனசுக்குள் முட்டிக்கொண்டேன்.

கண்டக்டர் கும்பிட்டார். "எனக்கா? எனக்கு ஒண்ணும் வேண்டாங்க ஐயா" என்றார்.