ஜாடிக் கரண்டி

எங்கள் கடையில் சத்து பானம் கலக்கிக் கொடுக்கும் அம்மாவுக்கு ‘சாம்பிள் அக்கா’ என்று பெயர். வாசலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, பெரிய ஜாடியில் மால்ட் பவுடரைக் கரைத்து, குட்டிக் காகிதக் கப்பில் ஊற்றி நீட்டுவாள். நான் உள்ளே மூட்டை இறக்குகிறவன். அவளைப்போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. ஒரே பிள்ளை இரண்டாவது கப்புக்கு வந்தால், “தம்பி, சட்டையை மாத்திட்டு வந்தா தெரியாதுன்னு நினைச்சியா?” என்று கேட்பாள். கம்பெனி சூப்பர்வைசர் சிரித்தால்கூட, எதற்காகச் சிரிக்கிறான் என்று என்னிடம் விசாரிப்பாள்.

அவள் மகனுக்கு ஆறு வயது. முன்பல் நாலும் கறுத்துப்போயின. பல் டாக்டர் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, “தினமும் இனிப்பா ஏதோ உள்ள போகுது. கண்டுபிடிச்சு நிறுத்துங்க. இல்லைன்னா அடுத்ததும் போகும்” என்றாராம். சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிராமைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னாராம்.

அக்காவுக்கு யார் மேல் சந்தேகம் வரும்? நாத்தனார் மேல்தான். பள்ளி விட்டதும் பையன் அத்தை வீட்டில்தான் இருப்பான். அந்த ஏற்பாடு இல்லையென்றால் இவள் வேலைக்கு வர முடியாது. அது தெரிந்தும் சும்மா இருந்தாளா? பையன் சட்டைப் பையில் மிட்டாய்த் தாள் தேடினாள். வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தாள். கடைசியில் நாத்தனாரின் கைப்பையைத் திறந்துவிட்டாள். உள்ளே தலைவலித் தைலம்தான் இருந்தது.

மறுநாள் நாத்தனாரே கடைக்கு வந்துவிட்டாள், பையனின் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு.

“அண்ணி, என் பையைத் துழாவினீங்க, சரி. இதையும் துழாவுங்க. எங்க வீட்ல அவன் குடிக்கிறது இது ஒண்ணுதான். காலையில நீங்களே கலக்கி அனுப்புறது. ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்து, ஸ்கூல் விட்டு வந்ததும் கொடுக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் சப்பிக்கிட்டே இருக்கான்.”

“அது சத்து பானம்டி. இதுல என்ன இருக்கு?”

“அதைத்தான் கேக்குறேன். எதை வெச்சு அளந்து போடுறீங்க?”

அக்கா மேசையிலிருந்த கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். ஜாடிக்குப் பவுடர் போட கம்பெனி கொடுத்தது. வீட்டிலும் அதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறாளாம். “டப்பாவுல வர்ற ஸ்பூன் பொம்மைக்குத்தான் ஆகும். இதுல ஒண்ணு போட்டாத்தான் ருசி நிக்கும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. காய்கறி நிறுக்கும் மின்தராசை இழுத்து வைத்தேன். அக்கா வழக்கம்போல ஒரு கரண்டி குவித்துக் காகிதத்தில் கொட்டினாள். நாற்பத்தைந்து கிராம். டப்பாவில் ஒரு டம்ளருக்கு என்று போட்டிருப்பது இருபது.

நாத்தனார் டப்பாவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பின்பக்கத்துப் பொடி எழுத்தில், நூறு கிராமுக்கு முப்பத்தாறு கிராம் சேர்த்த சர்க்கரை என்று இருந்தது. மால்ட்டின் சொந்த இனிப்பு இதில் சேராது. போனில் தட்டிப் பார்த்தாள்.

“ஒரு கரண்டிக்குப் பதினாறு கிராம் சர்க்கரை வருது, அண்ணி. மேல தனியா சர்க்கரை போடுறீங்களா?”

அக்கா முழித்தாள். “ரெண்டு ஸ்பூன்…”

நான் சர்க்கரையை அள்ளித் தராசில் போட்டேன். பதினாறு, அதன்மேல் இரண்டு ஸ்பூனுக்குப் பத்து. இருபத்தாறில் எண் நின்றது. ஒரு குட்டிக் குன்று.

“காலையில உங்க வீட்ல ஒரு டம்ளர், பாட்டில்ல ஒண்ணு” என்றாள் நாத்தனார். “இப்ப இதை ரெண்டா வெச்சுப் பாருங்க.”

அக்கா அந்தக் குன்றைப் பார்த்தபடியே, “தராசு சரியா இருக்கா அண்ணே?” என்றாள் என்னிடம். எனக்குக் கோபம் வந்தது. அரைக் கிலோ எடைக்கல்லை எடுத்து வைத்தேன். சரியாகக் காட்டியது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் ஓடி ஆடும் பிள்ளைகளும் பெரிய எழுத்தில் வைட்டமின்களும். ஆறு வருஷமாக அந்தப் பக்கத்தைத்தான் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் ஊர்ல எல்லாரையும் சந்தேகப்பட்டேன், இதைத் தவிர” என்று முனகினாள்.

“பையனை நாளைக்கு அனுப்பலாமா?” என்று நாத்தனாரிடம் கேட்டபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

“அனுப்புங்க. ஒரு கண்டிஷன்.”

மறுநாள் வேலை முடிந்து அவர்கள் தெரு வழியாகப் போனேன். நாத்தனார் வீட்டு வாசலில் பையன் நின்றிருந்தான். அக்கா அனுப்பிய பாட்டிலை அவன் அத்தை திறந்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள்.

“வெறும் பால்தான்” என்று அவனிடம் கொடுத்தாள்.

“தினமும் மோந்து பார்ப்பியா அத்தை?”

“உங்கம்மா என் பையைத் திறந்தாள்ல, அந்தக் கணக்கு தீரும்வரைக்கும்.”