நாலுகோட்டுக் கொப்பி

நெல்லியடிச் சந்தியிலிருந்து சற்று உள்ளே, மாமனாரின் அச்சகத்தில், சுவரைப் பார்த்தபடி போட்டிருந்த கம்பியூட்டர் மேசையில்தான் நிவேதனாவின் பகல் கழிந்தது. கல்யாண அழைப்பிதழ், இறந்தவர் நினைவாக அந்தியேட்டிக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீசு என்று எது வந்தாலும் அவள்தான் அமைத்துக் கொடுப்பாள். கணவன் செந்தூரன் கல்யாணமாகி ஆறாம் மாதமே பிரான்சுக்குப் போய்விட்டான். அவனுக்கே அங்கே இன்னும் விசா உறுதியாகவில்லை. அது சரிவந்ததும் அவளைக் கூப்பிடுவதாகச் சொன்னான். அடுத்த தைக்குள், அடுத்த ஆடிக்குள் என்று தள்ளித் தள்ளி நாலு வருடமாயிற்று. அதுவரை மாமனார் சோமசேகரத்தின் வீடும், அதே வளவுக்குள் இருந்த அச்சகமும்தான் அவளுக்கு. சம்பளம் கேட்பதா வேண்டாமா என்று அவளுக்கும் தெரியவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

வல்வெட்டித்துறையில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே சின்னதாகப் பேனை, கொப்பிக் கடை வைத்திருந்த சுபாஜினி ஒருநாள் அச்சகத்துக்கு வந்தாள். முன்பு பாலர் பள்ளியில் படிப்பித்தவள். தன் கடைப் பெயரிலேயே கொப்பி அடிக்க வேண்டும் என்றாள்.

“சின்னப் பிள்ளையள் இங்கிலீசு நாலுகோட்டுக் கொப்பியிலதான் தமிழும் எழுதுதுகள். மூண்டு இடைவெளியும் ஒரே அளவு. எங்கடை எழுத்துக்கு நடுவிலதானே இடம் வேணும்? ‘ண’வும் ‘ஐ’யும் நெரிஞ்சு கிடக்கு, தங்கச்சி.”

சுபாஜினி தன் பையிலிருந்து பிள்ளைகள் எழுதிய தாள்களை எடுத்து மேசையில் பரப்பினாள். நிவேதனா ஒவ்வொரு எழுத்தாக அடிமட்டம் வைத்து அளந்தாள். எழுத்தின் உடல் பெரிதாக இருந்தது; ‘கி’யில் மேலே எழும் விசிறிக்கும் ‘கு’வில் கீழே இறங்கும் சுழிக்கும் அவ்வளவு இடம் தேவைப்படவில்லை. நடு இடைவெளியை அகலமாக்கி, மேலும் கீழும் ஒடுக்கினாள். நடுவிலுள்ள இரண்டு கோடுகளைச் சற்றுத் தடிப்பாகவும் வெளிக் கோடுகளை மெல்லியதாகவும் கீறினாள். தடிப்பு மட்டும்தான் வேறு. மை ஒன்று, மெசினில் பூட்டும் அச்சுப் பிளேட்டும் ஒன்று. தாளை வெட்டும்போது கோடு குறையாகத் தெரியாதபடி எல்லாக் கோடுகளையும் வெட்டும் எல்லைக்கு வெளியே நீட்டிவிட்டாள். பக்கத்தின் இரு புறத்துக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும்படியும் பார்த்துக்கொண்டாள். இல்லையென்றால் மெல்லிய தாளில் பின்பக்கக் கோடு தெரிந்து பிள்ளை குழம்பிப்போகும்.

அட்டைக்கு சோமசேகரம் வழக்கமாகப் போடும் பனிமலைப் படம் வேண்டாம் என்றாள் சுபாஜினி. நிவேதனாவே கீறினாள். முன்னட்டையில் ஒரு சிறுமி கடற்கரையில் நின்று கயிற்றை இழுக்கிறாள். கயிறு கொப்பியின் முதுகைத் தாண்டிப் பின்னட்டைக்குப் போகிறது. அங்கே எட்டுமூலைப் பட்டம். அதைக் கீறிய நாட்களில் சாப்பிடக் கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்கவில்லை.

கொப்பி நன்றாகப் போனது. வேறு ஊர்ப் பெற்றோரும் வந்து கேட்கிறார்கள் என்று சுபாஜினி போனில் சொன்னபோது அவளுடைய குரலே மாறியிருந்தது.

அந்தக் கொப்பி யாழ்ப்பாணத்து மொத்த வியாபாரி ஒருவரின் கண்ணிலும் பட்டது. சோமசேகரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே மேசையடிக்கு வந்தார்.

“பிள்ளை, இதே கோடு அவருக்கும் வேணுமாம். அட்டைக்கு ரோசாப்பூ போட்டால் காணும்.”

“சுபாஜினி அக்காவை ஒருக்காக் கேப்பம் மாமா. அவதானே இதை யோசிச்சவ.”

“கோடு ஆரின்ரையும் சொத்தோ? வெள்ளைத் தாளில கோடு போடுறதுக்கு ஆரைக் கேக்கிறது?”

“என்னாலை ஏலாது மாமா.”

அந்த வீட்டில் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் கொப்பியை எடுத்துக்கொண்டு போனார். வெளியே ஒருவரிடம் கொடுத்துக் கொப்பியைப் பார்த்துக் கீறச் செய்தார். அன்று மாலையே செந்தூரன் போன் எடுத்தான்.

“அப்பாவோடை முகம் முறிக்காதையும். அவர் இல்லாட்டி நீர் அங்கை எங்கை இருப்பீர்? இஞ்சை என்ரை அலுவல் முடியுமட்டும் கொஞ்சம் பொறும்.”

“எப்ப முடியும்?”

“அதை நான் எப்பிடிச் சொல்லுறது?”

வெளி ஆள் கீறிய கோடு மெசினில் பிழையாக விழுந்தது. சோமசேகரம் முதல் தாளைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். வெளிக்கோடுகள் புள்ளி புள்ளியாய் உடைந்திருந்தன.

“வெளிறலா வரட்டும் எண்டு கீறினவன் நிறத்தின்ரை வீதத்தைக் குறைச்சுப்போட்டான். மெல்லிய கோடு அப்பிடிப் புள்ளியாத்தான் விழும். நீ முழு மையில கீறித் தா. நான் மையை வெளிறக் கலக்கிறன்.”

மெசின்காரராக அவர் சொன்னது சரிதான். நிவேதனா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடு இடைவெளியும் குறைந்திருந்தது. பின்பக்கக் கோடு முன்பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. இதில் எழுதப்போகும் பிள்ளைக்கு எது மேல்கோடு, எது கீழ்கோடு என்று தெரியாது. ‘நீர் அங்கை எங்கை இருப்பீர்’ என்று செந்தூரன் கேட்டதும் காதிலேயே நின்றது. அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தாள். சுபாஜினிக்கு அவள் அதைச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத் தவணை தொடங்கிய கிழமையில் சுபாஜினி ரோசாப்பூக் கொப்பியோடு வந்தாள். சோமசேகரம் அப்போது பருத்தித்துறைக்குப் போயிருந்தார்.

“இது நீ கீறினதோ?”

“ஓம் அக்கா.”

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை. பெரிய கடைக்காரன் குடுக்கிற விலைக்கு என்னால குடுக்க ஏலுமே?”

நிவேதனா நடந்ததைச் சொன்னாள். மறுத்ததையும், பிறகு திருத்திக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. சுபாஜினி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கோபம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கொப்பியை மேசையில் வீசாமல் மெல்ல வைத்தாள்.

“உன்னைப் பேசி என்ன செய்ய? இனி நான் இஞ்சை அடிக்க மாட்டன். உனக்கு ஏலுமெண்டால் வெளிக்கிட்டு வா. கடையில ஒரு மேசை போட்டுத் தாறன். ரெண்டு பேரும் சேர்ந்து செய்வம்.”

பஸ்ஸில் ஏறினால் வல்வெட்டித்துறை ஒன்றும் தூரமில்லை. ஆனால் காலையில் யாரிடம் சொல்லிவிட்டு வெளிக்கிடுவது, பின்னேரம் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவது என்று யோசித்தபோது நிவேதனாவுக்கு ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. சுபாஜினி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சில மாதங்கள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. வேறு அச்சகத்தில் அடிக்கிறாளாம். பழைய கொப்பியின் அட்டையைப் படமெடுத்துப் போட்டதில் பட்டக் கயிறே தெரியவில்லையாம்.

“உன்ரை படம்தான் பிள்ளையளுக்குப் பழகினது. ஃபைல் தருவியோ?”

மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்ற சோமசேகரம் மை பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டால் என்ன சொல்வார் என்று நிவேதனாவுக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. அட்டை ஃபைலை அனுப்பினாள். உள்பக்கக் கோடுகளின் ஃபைலையும் கூடவே அனுப்பினாள்.

புதுக்கொப்பி கடைக்கு வந்தபின் சோமசேகரத்துக்குத் தெரியவந்தது.

“அச்சகத்துச் சாமானை ஆரைக் கேட்டு வெளியில குடுத்தனீ?”

“நான் கீறின படம் மாமா. அதுதான் குடுத்தனான்.”

அவர் அவளோடு கதைப்பதை நிறுத்தினார். வேலைகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போவார். செந்தூரன் போனில் சத்தம் போட்டான்.  மாமனாரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது அவள் மாட்டேன் என்றாள்.

விசா இன்னும் வரவில்லை. கடையில் போட்டுத் தருவதாகச் சொன்ன மேசையைப் பற்றி சுபாஜினி போன கிழமையும் கேட்டாள். “கொஞ்சம் பொறுங்கோ அக்கா” என்றாள் நிவேதனா. செந்தூரன் தன்னிடம் சொல்லும் அதே வார்த்தை தன் வாயிலிருந்தும் வருவதைக் கேட்டு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. போனை வைத்துவிட்டு, துண்டில் எழுதியிருந்த கல்வெட்டு வேலையைத் தொடங்கினாள்.