பள்ளத்தாக்குப் பக்கத்து இருக்கை

அலுவலகத்தில் அவளுக்கு ஜன்னல் அக்கா என்று பெயர். வைத்தவர் பயண ஏற்பாட்டுக் கடையின் முதலாளி. டிக்கெட் கேட்டு வருகிறவர்களிடம் எந்தப் பக்கத்து ஜன்னல், எந்த மாதம் என்று கேட்டே மண்டையைக் காயவைக்கிறாள் என்பது அவர் குறை. குறை சொல்வாரே தவிர, மலைப்பாதை ரயில் என்று யார் வந்தாலும் அவள் மேசைக்குத்தான் கைகாட்டுவார். வியாபாரத்தில் மனிதர் விவரமானவர்.

அவள் கேட்பதிலும் நியாயம் உண்டு. மழைக்காலத்தில் போனால் அருவிகள் பொங்கும், ஆனால் மூடுபனியில் பக்கத்து மரம்கூடத் தெரியாது. கோடையில் வானம் பளிச்சென்று இருக்கும், அருவி இருந்த இடத்தில் வெறும் பாறை நிற்கும். மழை ஓய்ந்த பிறகு வரும் சில வாரங்களில்தான் தண்ணீரும் வெளிச்சமும் ஒன்றாகக் கிடைக்கும். விரைவு வண்டி மலையை இருட்டில் தாண்டிவிடும்; அதில் போவதற்கு வீட்டிலேயே போர்த்திக்கொண்டு படுக்கலாம். காலையில் மெதுவாக ஏறும் வண்டிதான் சரி. பள்ளத்தாக்கு மேற்கே இருப்பதால் அப்போது வெயில் கண்ணில் குத்தாது. குளிர்சாதனப் பெட்டியின் கறுத்த கண்ணாடியும் வேண்டாம், திறக்கிற ஜன்னல் வேண்டும். இத்தனையும் போய்வந்தவர்களைக் குடைந்து குடைந்து அவள் சேர்த்தது. அந்த வண்டியில் அவள் ஒருமுறைகூட ஏறியதில்லை. அவளுக்கு யார் லீவு கொடுப்பது?

அவள் கணவர் தொலைதூரப் பேருந்தின் டிரைவர். இரவெல்லாம் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதர். அவர் விழிக்கும்போது அவள் அலுவலகத்தில் இருப்பாள். எப்போதாவது அவர் பேருந்தில் அவள் ஏறினாலும் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போகவேண்டும். எத்தனையோ மலைகளையும் கடற்கரைகளையும் தாண்டி வந்தவர். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "ரோடு" என்பார். அந்த ஒரு சொல் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். உலகத்துக்கே ஜன்னல் பார்த்துக் கொடுக்கிறவள், சொந்தப் புருஷனுக்கு ஒன்று பார்த்துக் கொடுக்கவில்லையே!

அதனால் இந்த வருடம் அவருக்கு ஒரு வாரம் லீவு கிடைத்ததும் அவள் ஒரே பிடியாக நின்றாள். ஸ்டியரிங் இல்லாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் தன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு நாள் வெளியே பார்க்கவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. வேறு எங்கேயாவது சும்மா படுத்துக் கிடக்கலாமே என்று அவர் இழுத்துப் பார்த்தார். நடக்கவில்லை.

அந்த வண்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மலை தொடங்குவதற்கு முன் ஒரு சந்திப்பு நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். வால் தலையாகிவிடும், வலது பக்கம் இடதாகிவிடும். விவரம் தெரியாதவர்கள் பள்ளத்தாக்கு வலப்பக்கம் என்று கேள்விப்பட்டு, புறப்படும்போதே வலப்பக்கம் பிடித்துவிட்டு, அப்புறம் மலை முழுக்கப் பாறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அவள் இடப்பக்கம் போட்டாள். அந்தப் பெட்டியில் இருக்கைகள் திருப்ப முடியாதவை. பாதி ஒரு பக்கம் பார்க்கும், பாதி எதிர்ப்பக்கம் பார்க்கும். அதையும் யோசித்து, மலை ஏறும்போது பின்னோக்கிப் போகிற இருக்கைகளாகவே தேர்ந்தெடுத்தாள். முன்னோக்கி உட்கார்ந்தால் காட்சி முகத்தில் அறைந்துவிட்டு ஓடிவிடும், பின்னோக்கி உட்கார்ந்தால் மறைகிறவரை கண்ணிலேயே நிற்கும் என்று வாடிக்கையாளர்களுக்கு அவளே சொல்லிச் சொல்லிப் பழகியது. கேட்டுப் போனவர்கள் எல்லோரும் வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

சமவெளியில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவர் ஜன்னலோரம், அவள் பக்கத்தில். வயல்களையும் குட்டைகளையும் பார்த்தார். ஒரு கொக்கைக்கூடக் கை நீட்டிக் காட்டினார். அவளுக்குக் கால் தரையில் படவில்லை. சந்திப்பில் எஞ்சின் மாறியது. வண்டி கிளம்பி, முதல் வளைவில் திரும்பியதும் அவர் அவள் கையைப் பிடித்தார். அன்பு என்று நினைத்துவிட்டாள், பாவம். பிடி வலித்தபோதுதான் திரும்பிப் பார்த்தாள். மனிதருக்கு முகம் வெளுத்து, கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. வலது கால், பிரேக் அங்கே இருப்பதுபோல, தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"என்னங்க, வயித்தப் பொரட்டுதா?"

"இல்ல. முன்னாடி என்ன வருதுன்னு தெரியல."

"ரயிலுங்க இது. தண்டவாளத்துலதானே போகுது."

"தெரியும். எனக்குத் தெரியும்டி. காலுக்குத் தெரிய மாட்டேங்குது."

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள், மூடினால் இன்னும் மோசம் என்றார். தண்ணீர் கொடுத்தாள். தூரத்துப் புல்வெளியைப் பார்க்கச் சொன்னாள். பார்க்க முயன்றார், அதுதான் கொடுமை. அவளுக்காக ஒவ்வொரு தடவையும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். வளைவு வந்ததும் கால் தானாக அழுத்தியது, கழுத்து தானாகப் பின்னால் திரும்பி எஞ்சின் இருக்கும் பக்கத்தைத் தேடியது. வாழ்நாள் முழுக்க அத்தனை உயிரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டியவரைத் தன் கையாலேயே முதுகுப்பக்கமாக மலையேற்றியிருக்கிறாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் கணக்குப் போட்டவளுக்கு இவர் காலைப் பற்றித் தோன்றவே இல்லை. தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரப்பட்டு என்ன, வண்டியைத் திருப்பவா முடியும்?

கடைசியில் அவரே எழுந்தார். நாலைந்து வரிசை தள்ளி, பாறைப் பக்கம், முன்னோக்கிய நடைபாதை இருக்கையில் ஒரு தடித்த மனிதர் வலப்பக்கம் பிடித்த தன் தலையெழுத்தை நொந்துகொண்டிருந்தார். இடம் மாறிக்கொள்ளலாமா என்று கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். வந்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, இரண்டு முழங்கையையும் வெளியே நீட்டி, கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். அவளும் கூடப் போய் உட்கார வேறு முன்னோக்கிய இடம் எதுவும் காலியில்லை. பள்ளத்தாக்கில் பாதி அந்தத் தடித்த மனிதரின் தோளுக்குப் பின்னால் போய்விட்டது.

இப்போது அவள் பின்னோக்கி, கணவர் முன்னோக்கி. நடைபாதையில் இருவரும் எதிரெதிராக இருந்தார்கள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, பெட்டிக் கதவின் கண்ணாடியில், வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. கால் மட்டும் வளைவுக்கு வளைவு மெல்ல அழுத்தி, மெல்ல விட்டது. ஒரு இடத்தில் அது அழுத்திக்கொண்டே நின்றது. விடு, விட்டுவிடு என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே அந்தச் செருப்பையே பார்த்தாள். பெட்டியில் ஓவென்று சத்தம் எழுந்தது, எல்லோரும் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சாய்ந்தார்கள், யாரோ அவள் காலை மிதித்தார்கள். கூட்டம் நடைபாதையை அடைத்துக்கொண்டதில் அவர் மறைந்து போனார். அவள் எட்டி எட்டி அவரைத்தான் தேடினாள். கூட்டம் விலகி அவர் கால் தளர்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே சுரங்கத்தின் இருட்டு இருந்தது.

மேலே நிலையத்தில் இறங்கியதும் அவர் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டார்.

"அருவி வந்துச்சு போல. நீயாவது பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

அந்த அருவியைப் பற்றி எத்தனையோ பேருக்கு மேசைக்கு இந்தப் பக்கமிருந்து மூச்சுவிடாமல் சொன்னவள்.

"பெருசா இருந்துச்சுங்க," என்றாள்.

அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. "அது போதும். உனக்காகத்தானே வந்தேன்," என்றார்.